ஆண்கள் பொது மருத்துவ வார்டு: காலை மருந்துச் சுற்றின் பணிப்பட்டியல்

நேற்றிரவு 4-ஆம், 9-ஆம் படுக்கை நோயாளிகள் இடம் மாற்றப்பட்டுள்ளதால், இன்று படுக்கை எண்ணை நம்பி எவருக்கும் மருந்து கொடுக்கக் கூடாது. "நீங்கள்தானே இன்னார்?" என்று கேட்டால் காது மந்தமானவரும் தலையசைத்துவிடுவார் என்பதால், பெயரை அவர் வாயாலேயே சொல்லச் செய்து, கைப்பட்டையிலுள்ள உள்நோயாளி எண்ணை மருந்து அட்டவணையோடு ஒப்பிடவும். மருந்து உள்ளே சென்றதைக் கண்ணால் பார்த்த பிறகே கையொப்பம் இட வேண்டும். மாத்திரையைத் தலைமாட்டில் வைத்துவிட்டு வந்தது கொடுத்ததாகாது.

படுக்கை 2, காலை 7.30: ரெகுலர் இன்சுலின் 10 யூனிட், தோலுக்கடியில். சர்க்கரை அளவு 70-க்குக் கீழிருந்தால் ஊசியை நிறுத்திவைத்து, உடனே குளுக்கோஸ் கொடுத்து, டியூட்டி டாக்டரை அழைக்கவும். நம் குப்பி மில்லிக்கு 40 யூனிட் கொண்டது. ஆகவே சிவப்பு மூடியுள்ள 40 யூனிட் சிரிஞ்சையே எடுக்கவும். 100 யூனிட் சிரிஞ்சில் 10-ஆம் கோடு வரை இழுத்தால் அவருக்கு 4 யூனிட் மட்டுமே சேரும். இழுத்த அளவை இன்னொரு செவிலியர் பார்த்து அவரும் கையொப்பமிட வேண்டும். காலை உணவு வருவதை உறுதிசெய்யாமல் போட வேண்டாம்.

படுக்கை 4 (முன்பு 9), காலை 8.00: டிகாக்சின் 0.25 மி.கி. மாத்திரை. ஸ்டெதாஸ்கோப்பை மார்பில் வைத்து, முழு ஒரு நிமிடம் இதயத் துடிப்பை எண்ணி, அந்த எண்ணிக்கையைக் கையொப்பத்தின் அருகே எழுதவும். 60-க்குக் குறைந்தால் கொடுக்காமல் டியூட்டி டாக்டருக்குத் தெரிவிக்கவும். இவர் ஃப்ரூஸ்மைடும் எடுப்பதால், பொட்டாசியம் குறைந்திருந்தால் டிகாக்சின் நஞ்சாகும் வாய்ப்பு கூடும். இன்றைய ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தீர்களா என்பதையும் குறிக்கவும்.

படுக்கை 9 (முன்பு 4), காலை 8.15: பொட்டாசியம் குளோரைடு 20 மில்லி ஈக்விவலன்ட், 500 மில்லி நார்மல் சலைனில் கலந்து 4 மணி நேரத்தில். இதை ஒருபோதும் நேரடியாக நரம்பில் செலுத்தக் கூடாது, இதயம் நின்றுவிடும். ஆம்பூலின் பெயரை இருவர் உரக்கப் படித்து, கலந்தபின் பாட்டிலைப் பலமுறை தலைகீழாகத் திருப்பி, லேபிள் ஒட்டி, இருவரும் கையொப்பமிடவும். தொடங்கிய நேரத்துக்கு ஒரு கையொப்பம், முடிந்த நேரத்துக்குத் தனிக் கையொப்பம்.

படுக்கை 11, காலை 8.30: செஃப்ட்ரியாக்சோன் 1 கிராம், நரம்பு வழி. ஒவ்வாமைப் பகுதி வெறுமையாக இருந்தால் அதை "இல்லை" என்று எடுத்துக்கொள்ளாமல், அவரிடமும் உடனிருப்பவரிடமும் கேட்டு எழுதவும். ஓடிக்கொண்டிருக்கும் ரிங்கர் லாக்டேட்டில் கால்சியம் இருப்பதால் அதை நிறுத்தி, மருந்துக்கு முன்னும் பின்னும் சலைனால் குழாயைக் கழுவவும்.

படுக்கை 14: எண்டோஸ்கோப்பி இருப்பதால் வாய்வழி எதுவும் இல்லை. எந்த மாத்திரையை நிறுத்துவது என்பதை டாக்டரிடம் கேட்டு, கட்டத்தைக் காலியாக விடாமல், கொடுக்காத காரணத்தையும் நேரத்தையும் எழுதிக் கையொப்பமிடவும்.