இரண்டாங்கட்டு: கடிதம் வரும் வரை நல்ல படம்

இந்தப் படத்துக்கு முதலில் எழுதிய விமர்சனத்தை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "காரைக்குடிக்கு அருகே ஒரு கிராமத்தில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டை விற்கப் பங்காளிகள் கூடுகிறார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் காளியம்மாவின் வாழ்க்கையில் நிகழும் எதிர்பாராத திருப்பங்களே கதை. அழகிய ஒளிப்பதிவு, நேர்த்தியான திரைக்கதை, உருக்கமான நடிப்பு" என்று போனது அது. முழுவதும் கேட்டுவிட்டு, "எம் பக்கத்துல ஒக்காந்துதானத்தா பாத்தே? இது நோட்டீஸுல போட்டுருக்கறது மாதிரில்ல இருக்கு. ஒனக்குப் புடிச்சுச்சா, இல்லையா?" என்றார். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

பிடித்தது. ஒரு மணி ஐம்பது நிமிடம் வரை மனசார பிடித்தது. அதற்குப் பிறகு ஒரு தகரப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பழைய கடிதம் வெளியே வருகிறது. அங்கிருந்து கடைசி வரை எனக்குக் கோபம்தான். இன்னும் தீரவில்லை.

பிடித்ததை முதலில் சொல்கிறேன். செட்டிநாட்டு வீட்டுக்குள் கேமரா நுழைந்தால் எங்கே போகும் என்று எங்களுக்கு மனப்பாடம். முகப்பில் நின்று அண்ணாந்து பார்க்கும், பர்மாத் தேக்குத் தூண்களை வரிசையாக எண்ணும், வளவில் ஒரு கல்யாணப் பாட்டு வைக்கும். வீட்டுக்காரர் ஏதோ ஒரு ஜில்லாவின் ஜமீன்தாராக இருப்பார், மீசையோடு. ஏ.வி. மெய்யப்பன் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ போட்டுப் படம் எடுத்த பூமி இது. இன்றைக்கும் மாதத்துக்கு ஒரு வேனாவது ஷூட்டிங் சாமானோடு எங்கள் தெருவைத் தாண்டிப் போகிறது. ஆனாலும் இந்த வீடுகளின் பின்கட்டில் என்ன நடக்கும் என்று காட்டிய படத்தை நான் பார்த்ததில்லை.

இந்தப் படம் கொல்லைக் கதவு வழியாக உள்ளே வருகிறது. காளியம்மா விடிவதற்கு முன்னால் அந்தக் கதவைத் திறந்து, அடுப்படி தாண்டி, இரண்டாங்கட்டைக் கூட்டி, வளவுக்கு வந்து சேர ஏழெட்டு நிமிடம் ஆகிறது. வசனம் கிடையாது, பாட்டும் கிடையாது. விளக்குமாறு ஆத்தங்குடிக் கல்லில் ஒரு மாதிரியும், முற்றத்துக் கருங்கல்லில் வேறு மாதிரியும் சத்தம் போடுகிறது. அந்த இரண்டு சத்தத்தையும் பிரித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். முதல் இரண்டு நிமிடம் தியேட்டரில் செருமலும் போன் வெளிச்சமுமாக இருந்தது. நான்காவது நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. முன்பக்கம் இன்னும் எத்தனை கதவு பாக்கி என்று நானே எண்ண ஆரம்பித்திருந்தேன்.

அதில் ஓர் இடம். கூட்டிக் களைத்தவள் வளவுச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, தலையைத் திருப்பி, கன்னத்தைச் சுவரில் ஒட்டவைத்துக் கண்ணை மூடுகிறாள். அவ்வளவுதான் காட்சி. எனக்குப் பின்னால் இருந்த ஒரு ஆச்சி சத்தமாகவே, "சில்லுனு இருக்குமே" என்றார். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பூச்சு அது. சித்திரை வெயிலிலும் பளிங்கு மாதிரி குளிர்ந்து கிடக்கும். சின்ன வயதில் அப்பா வேலைக்குப் போன வீடுகளில் நானும் அப்படிக் கன்னத்தை வைத்திருக்கிறேன். திரையில் பார்த்தபோது என் கன்னம் நிஜமாகவே குளிர்ந்தது. "ஒளிப்பதிவு அழகு" என்று நான் முதலில் எழுதிய வார்த்தைக்குள் இது எங்கே இருந்தது?

பணியாரக் காட்சியையும் சொல்லியாக வேண்டும். பங்காளிகள் பேச வரும் நாளுக்கு அலமேலு ஆச்சி வெள்ளைப் பணியாரம் போடச் சொல்கிறார். காளியம்மா ஆழாக்கில் பச்சரிசியைத் தலை தட்டி எடுக்கிறாள். அதன் மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவிக்கிறாள். ஒரு பருப்பு உருண்டு கீழே விழுகிறது, அதையும் எடுத்து உச்சியில் வைக்கிறாள். அளவு அதுதான், எங்கள் பக்கம் எந்த அடுப்படியிலும் இப்படித்தான் சொல்வார்கள். இதை யாரோ நேரில் நின்று பார்த்து வந்து எடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்த கணத்தில், இந்தப் படத்தை நம்பிவிட்டேன். பணியாரம் எண்ணெயில் சிவக்காமல் வெள்ளையாகவே எழும்பி வரும்போது அரங்கில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. சாப்பிட உட்காரும் பங்காளிகளில் ஒருவர், மலேசியாவிலிருந்து வந்தவர், போனைப் பார்த்துக்கொண்டே நான்கை விழுங்குகிறார். காளியம்மா தூணோரம் நின்று அதைப் பார்க்கிறாள். அந்த நடிகையின் முகத்தில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. இன்னும் ஒரு ஈடு போடலாமா என்று யோசிப்பது மட்டும்தான் தெரிகிறது. "உருக்கம்" என்று நான் முதலில் எழுதியது அவருக்குச் செய்த அநியாயம். அவர் எந்த இடத்திலும் நம்மை உருக்க முயலவே இல்லை.

பங்காளிப் பேச்சுகளும் உண்மையாக இருக்கின்றன. வளவைச் சுற்றி ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு சாவி. பதினான்கு பங்கு. ஒருவர் கையெழுத்துப் போடாவிட்டாலும் வீடு நகராது. யாரும் வில்லன் இல்லை. கூரை ஒழுகுகிறது, ஓடு மாற்றப் பணம் வேண்டும், பிள்ளைகள் யாரும் திரும்பி வரப்போவதில்லை. அலமேலு ஆச்சி கடைசியாகக் கையெழுத்துப் போடும்போது, "இந்த வீட்டுல எனக்கு ஒரு அறை இருந்துச்சு. வீடு இருக்குன்னு நான் நெனச்சதே இல்லை" என்கிறார். அருகில் அப்பா மூச்சை இழுத்துவிட்டார்.

அப்பா தச்சாசாரி. கதவு, நிலை, தூண் எல்லாம் செய்த குடும்பம். நான் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் செய்யும் வேலை குறைந்து, பிரிக்கும் வேலைதான் கிடைத்தது. வீடு இடிக்கும் இடத்துக்குப் போய் மரத்தைச் சேதமில்லாமல் பிரித்துக் கொடுப்பார். அவை முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வரும், அங்கிருந்து எங்கெங்கோ போகும். ஒவ்வொரு துண்டிலும் சுண்ணாம்புக் கட்டியால் எண் போடுவார், மறுபடி பூட்டுகிறவன் தடுமாறக் கூடாது என்று. அதனால் படத்தில் நிலைக்கதவைப் பெயர்க்கும் காட்சிக்கு நான் பயந்தேன். இரண்டு ஆட்கள் கடப்பாரையை நிலைக்கும் சுவருக்கும் நடுவே விட்டு நெம்புகிறார்கள். அப்பா பட்டென்று, "அப்புடி நெம்புனா நிலை பொளந்துரும்டா! மொதல்ல சுவத்தக் கொத்தணும்" என்றார். முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். படத்தில் கைவேலை பிசகிய ஒரே இடம் அது. ஆனால் மரம் கிறீச்சிடும் அந்தச் சத்தம் சரியானது. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அவர் திரையைப் பார்க்கவில்லை.

இனி கடிதம். அதில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் என் கோபத்தை விளக்க முடியாது. முடிவு தெரியாமல் பார்க்க நினைப்பவர்கள் இங்கே நிறுத்திவிட்டு, பார்த்த பிறகு வாருங்கள்.

1938-ல் ரங்கூனிலிருந்து எழுதிய கடிதம் அது. காளியம்மாவின் தாத்தா அங்கே கிட்டங்கியில் வேலை பார்த்தவர் என்றும், வீட்டைக் கட்டிய ஐயாவுக்கு இன்னொரு தாரத்தில் பிறந்த மகன் அவர்தான் என்றும் அதில் இருக்கிறது. பதினைந்தாவது பங்கு காளியம்மாவுக்கு. வயலின் எழும்புகிறது, பங்காளிகள் வாயடைத்து நிற்கிறார்கள், அலமேலு ஆச்சி அழுகிறார்.

முப்பத்தோரு வருடம் அந்த வீட்டைக் கூட்டியவள் அவள். எந்த ஓடு எந்த மழைக்கு ஒழுகும் என்று தெரிந்தவள். வீட்டின் மேல் அவளுக்கு உள்ள உரிமையை ஒரு மணி ஐம்பது நிமிடமாக அவள் கையாலேயே நமக்குக் காட்டிவிட்டார்கள். பிறகு எதற்கு ரத்த உறவு? அவள் உழைப்பு போதாது, இந்தக் குடும்பத்தில் பிறந்திருந்தால்தான் கேட்க முடியும் என்று அந்தக் கடிதம் சொல்கிறது. அவளுடைய ஏழெட்டு நிமிடக் கூட்டலை அது ஒரே அடியில் அழித்துவிடுகிறது. எடுத்தவருக்கு இது முதல் படமாம். தான் கட்டியதை அவரே நம்பவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

பர்மாவைத் தொட்டதும் அரைகுறை. பழைய போட்டோக்கள், கப்பல், தந்தப் பெட்டி என்று பெருமையாக நகர்த்திவிட்டு, "யுத்தம் வந்துச்சு, எல்லாம் போச்சு" என்று ஒரு வசனத்தில் முடித்துவிடுகிறார்கள். 1930களில் நெல் விலை சரிந்து, கடன் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் வயல்கள் செட்டியார்கள் கைக்கு வந்தன. அந்தப் பத்தாண்டின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி நிலம் அப்படிச் சேர்ந்திருந்தது. 1942-ல் ஜப்பான்காரன் நுழைந்தான், சுதந்திரம் பெற்ற பர்மா 1948-ல் நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் போட்டது. பூட்டிக் கிடக்கும் எங்கள் ஊர் வீடுகளுக்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது. இங்கே விளக்குமாறு பிடித்தவளை இவ்வளவு கூர்ந்து பார்த்த படம், அங்கே ஏர் பிடித்தவனைப் பற்றி ஒரு வரி பேசியிருக்க வேண்டும். 1938 என்று தேதி போட்டுக் கடிதம் எழுதத் தெரிந்தவர்களிடம் இதைக் கேட்கலாம்.

என்னைக் கேட்டால், சாவிக்கொத்தைக் கொடுக்கும் இடத்தில் படம் முடிந்துவிட்டது. காளியம்மா பதினான்கு சாவிகளையும் புடவைத் தலைப்பால் துடைத்து ஒவ்வொன்றாக வைக்கிறாள். "இது மேக்கால ரெண்டாவது. கொஞ்சம் தூக்கித் திருப்பணும் ஆச்சி, இல்லாட்டி மாட்டிக்கிரும்" என்கிறாள். இடிக்கப்போகும் வீட்டின் பூட்டுக்கு அவள் பக்குவம் சொல்கிறாள். எனக்குக் கண் நிறைந்தது இங்கேதான். கடிதத்துக்கு அரங்கமே மூக்கை உறிஞ்சியபோது எனக்கு ஒரு சொட்டும் வரவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். வீட்டில் டிவியில் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த விளக்குமாற்றுச் சத்தம் மிக்ஸி ஓடும் வீட்டில் கேட்காது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பாவிடம் கடிதத்தைப் பற்றிக் கேட்டேன். "அது கெடக்கட்டும். அந்தப் புள்ள சாவியத் தொடச்சு வச்சா பாத்தியா" என்றார்.

எங்கள் ஊர்த் தியேட்டரில் ஞாயிறு வரை பகல் காட்சி மட்டும் ஓடும் என்று டிக்கெட் கொடுத்தவர் சொன்னார். தாமதமாகப் போனால் அந்த முதல் ஏழெட்டு நிமிடம் கிடைக்காது.