விகிதமுறா மூலங்கள்: உன் ஐந்து கணக்குகளும் வரி வரியாகத் திருத்தப்பட்டவை

நீ அனுப்பிய இரண்டு பக்கங்களையும் பார்த்தேன். ஒவ்வொரு வரியின் மதிப்பும் அதற்கு முந்தைய வரியின் மதிப்போடு ஒத்துப்போகிறதா என்பதுதான் என் சோதனை. எந்த வரியில் அது மாறுகிறதோ அங்கே நின்று காரணம் எழுதியிருக்கிறேன். சரிபார்க்க √2 = 1.414, √3 = 1.732, √5 = 2.236, √7 = 2.646 ஆகியவை போதும். இவற்றைத் தாளின் மூலையில் எழுதி வைத்துக்கொள்.

கணக்கு 1: √72 + √50 − √18

வரி 1: √(9×8) + √(25×2) − √(9×2). சரி.
வரி 2: 3√8 + 5√2 − 3√2. சரி.
வரி 3: 3√8 + 2√2. இதுவும் சரி, ஆனால் நீ இங்கேயே நிறுத்திவிட்டாய்.

எந்த வரியிலும் தவறு இல்லை. வேலைதான் முடியவில்லை. 8-க்குள் இன்னும் 4 என்ற வர்க்க எண் ஒளிந்திருக்கிறது: 3√8 = 3×2√2 = 6√2. ஆகவே விடை 8√2. 72-ஐப் பிரிக்கும்போது 9-ஐ எடுத்ததால் வந்தது இது. 36×2 என்று, 72-ஐ வகுக்கும் மிகப்பெரிய வர்க்க எண்ணை முதலிலேயே எடுத்திருந்தால் ஒரே படியில் 6√2 கிடைத்திருக்கும். மூலக்குறிக்குள் மிஞ்சும் எண்ணை 4, 9, 25, 49 ஆகியவற்றால் ஒருமுறை வகுத்துப் பார்த்துவிட்டுப் பேனாவை எடு.

கணக்கு 2: √75 − √48

வரி 1-இல் நீ எழுதியிருப்பது √25×3 − √16×3. மேல்கோடு 25-க்கும் 16-க்கும் மேலேயே முடிந்துவிடுகிறது. 3 வெளியே நிற்கிறது. எழுதியபடி படித்தால் 15 − 12, அதாவது 3. அடுத்த வரியில் 5√3 − 4√3 என்று எழுதியிருப்பதால் உன் மனதில் இருந்தது √(25×3) என்று எனக்குத் தெரிகிறது. விடை √3 சரி. ஆனால் கோடு குட்டையாக இருந்தால் நீயே இரண்டு வரி கழித்து உன் எழுத்தைத் தவறாகப் படிப்பாய். பெருக்கற்பலன் முழுவதையும் மூடும்படி கோட்டை இழு.

4√3 என்பதில் 4 சின்னதாக, மூலக்குறியின் வளைவுக்கு மேலே ஏறியிருக்கிறது. அப்படி எழுதினால் அது 3-இன் நான்காம் மூலம். கெழுவை மூலக்குறிக்கு முன்னால், முழு உயரத்தில், அடிக்கோட்டில் உட்கார வை.

கணக்கு 3: 6/√12

வரி 1: (6/√12) × (√12/√12). சரி.
வரி 2: 6√12/12. சரி.
வரி 3: √12/2. சரி.
வரி 4: √6. தவறு.

மூலக்குறிக்கு வெளியே உள்ள 2, உள்ளே இருக்கும் 12-ஐ அப்படியே வகுக்க முடியாது. 2-ஐ உள்ளே கொண்டுபோனால் அது √4 ஆக மாறும்: √12/√4 = √3. இல்லையென்றால் √12 = 2√3 என்று சுருக்கிவிட்டு 2√3/2 = √3 என்று எடுக்கலாம். எண்ணிலும் பார்: √12 = 2×1.732 = 3.464, எனவே 6/3.464 = 1.732. √6 என்பது சுமார் 2.449. வரி 3-இன் மதிப்பு 1.732 ஆக இருக்கும்போது வரி 4-இல் அது திடீரென்று 2.449 ஆகிவிடுகிறது. உடைந்த இடம் அதுதான்.

இந்தத் தவறு உன்னுடைய மற்ற வரிகளிலும் தலைகாட்டாமல் இருக்க ஒரு வழி: பகுதியை விகிதமுறு எண்ணாக்கும் முன்பே மூலத்தைச் சுருக்கிவிடு. 6/√12 = 6/(2√3) = 3/√3 = √3. எண்கள் சின்னதாகவே இருப்பதால் தவறு நுழைய இடமில்லை. நான் எப்போதும் இதைத்தான் விரும்புவேன்.

கணக்கு 4: (√5 + √3)/(√5 − √3)

வரி 1: மேலும் கீழும் √5 + √3-ஆல் பெருக்கியிருக்கிறாய். சரியான தேர்வு, பகுதியின் நடுக்குறியை மட்டும் மாற்றியிருக்கிறாய்.
வரி 2: தொகுதி (√5 + √3)², பகுதி (√5)² − (√3)². சரி.
வரி 3: (5 + 3)/(5 − 3). தொகுதி தவறு, பகுதி சரி.
வரி 4: 8/2 = 4. வரி 3-இலிருந்து சரியாகவே வந்தது. அதற்குத் தனியாகக் குறைக்கவில்லை.

(a + b)² = a² + 2ab + b². நடு உறுப்பு 2ab = 2√15 விடுபட்டுவிட்டது. பகுதியில் நடு உறுப்புகள் +√15, −√15 என்று ஒன்றையொன்று அடித்துக்கொள்வதைப் பார்த்த கையோடு, தொகுதியிலும் அப்படியே நடக்கும் என்று எழுதியிருப்பாய் என நினைக்கிறேன். தொகுதியில் இரண்டும் ஒரே குறி, கூடும், மறையாது.

திருத்திய வரி 3: (8 + 2√15)/2
திருத்திய வரி 4: 4 + √15

2-ஆல் வகுக்கும்போது இரண்டு உறுப்புகளையும் வகுக்க வேண்டும். 4 + 2√15 என்று எழுதிவிடாதே. சோதனை: (2.236 + 1.732)/(2.236 − 1.732) = 3.968/0.504 ≈ 7.87. √15 ≈ 3.873 என்பதால் 4 + √15 ≈ 7.87. உன் 4 இதில் பாதியளவுதான். இன்னொரு அடையாளமும் உண்டு: இந்த மாதிரிக் கணக்கில் விடை வெறும் முழு எண்ணாக வந்தால் உடனே நடு உறுப்பைத் தேடு.

கணக்கு 5: 3/(2 − √7)

வரி 1: 3(2 + √7)/[(2 − √7)(2 + √7)]. சரி.
வரி 2: 3(2 + √7)/(4 − 7). சரி.
வரி 3: 3(2 + √7)/(−3). சரி.
வரி 4: −2 + √7. குறி தவறு.

3-ஐ −3-ஆல் வகுத்தால் −1. அது அடைப்புக்குறிக்குள் உள்ள இரண்டையும் பெருக்கும்: −(2 + √7) = −2 − √7. நீ முதல் உறுப்புக்கு மட்டும் கொடுத்துவிட்டாய். கணக்கிடாமலேயே இதைப் பிடித்திருக்கலாம்: √7 என்பது 2-ஐவிடப் பெரியது, எனவே பகுதி குறை எண், விடையும் குறை எண்ணாகத்தான் இருக்க வேண்டும். உன் −2 + √7 மிகை எண் (0.646). சரியான மதிப்பு −4.646.

பகுதி குறை எண்ணாக வரும்போது, வரி 3-க்குப் பிறகு −1 × (2 + √7) என்று அடைப்போடு ஒரு வரி கூடுதலாக எழுது. அந்த ஒரு வரியைத் தாண்டிக் குதித்ததால்தான் குறி போயிற்று.

மறுபடி செய்ய வேண்டியவை

கணக்கு 3, 4, 5-ஐ அப்படியே திரும்ப எழுத வேண்டாம். இவற்றைச் செய்: 10/√20, (√7 + √2)/(√7 − √2), 6/(1 − √3). தசமத்தில் மதிப்புகள் முறையே 2.236, 3.297, −8.196. ஒவ்வொரு வரிக்கும் வலது ஓரத்தில் அந்த வரியின் தசம மதிப்பையும் எழுதி அனுப்பு.