அபிக்சபான் 5 மி.கி. மாத்திரை: நோயாளிகளுக்கான தகவல் குறிப்பு

இந்த மாத்திரையை இப்போதுதான் முதன்முறையாக எடுத்துக்கொள்ளத் தொடங்குகிறீர்கள். முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன் இக்குறிப்பை முழுமையாகப் படியுங்கள். உங்களைக் கவனித்துக்கொள்பவர் ஒருவரையும் படிக்கச் சொல்லுங்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் இதயத் துடிப்புக் கோளாறு உள்ள பெரியவர்களுக்காக இது எழுதப்பட்டுள்ளது. கால் இரத்தக் குழாயிலோ நுரையீரலிலோ ஏற்பட்ட இரத்தக் கட்டிக்காக இதே மாத்திரை தரப்படும்போது அளவு வேறுபடும் என்பதால், அத்தகையவர்கள் கீழே உள்ள அளவைப் பின்பற்றக் கூடாது.

இந்த மருந்து எதற்காக?

உங்கள் இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் படபடத்துத் துடிக்கும்போது, அங்கே இரத்தம் தேங்கிக் கட்டியாக உறையக்கூடும். அந்தக் கட்டி இரத்த ஓட்டத்தோடு மூளைக்குச் சென்று குழாயை அடைத்தால் பக்கவாதம் ஏற்படும். இரத்தம் உறைவதற்குத் தேவையான ‘காரணி 10ஏ’ என்னும் பொருளின் செயலைத் தடுப்பதன் மூலம் அபிக்சபான் இந்த ஆபத்தைக் குறைக்கிறது. இது துடிப்பைச் சீராக்கும் மருந்தன்று. ஆகவே படபடப்பு குறையவில்லை என்பதை வைத்து மாத்திரை வேலை செய்யவில்லை என்று முடிவு செய்யாதீர்கள். மாத்திரை வேலை செய்வதை உங்களால் உணர முடியாது.

தொடங்கும் முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

உடலில் எங்கேனும் இரத்தக் கசிவு இருந்தாலோ, இரத்தம் உறைவதைப் பாதிக்கும் அளவுக்குக் கல்லீரல் நோய் இருந்தாலோ, அபிக்சபானுக்கு முன்பு ஒவ்வாமை ஏற்பட்டிருந்தாலோ இம்மாத்திரையை எடுத்துக்கொள்ளக் கூடாது. இதயத்தில் உலோக வால்வு பொருத்தப்பட்டவர்களுக்கும் இது ஏற்றதன்று. சிறுநீரக நோய், வயிற்றுப் புண், முன்பு மூளையில் ஏற்பட்ட இரத்தக் கசிவு, அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை, கட்டுக்குள் வராத உயர் இரத்த அழுத்தம், ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய்க்குறி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும், கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும், தாய்ப்பால் கொடுப்பவர்களும் மாற்று மருந்து பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும்.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் மற்றொரு மருந்தான வார்ஃபரினை இதுவரை எடுத்துவந்தவர்கள் இரண்டையும் சேர்த்து எடுக்கக் கூடாது. வார்ஃபரினை நிறுத்திய பின், இரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2-க்குக் கீழே வந்ததை இரத்தப் பரிசோதனையில் உறுதி செய்துகொண்டுதான் அபிக்சபானைத் தொடங்க வேண்டும். அதன்பின் ஐ.என்.ஆர். பரிசோதனை வழக்கமாகத் தேவைப்படாது. வார்ஃபரின் எடுத்தபோது போலக் கீரை வகைகளில் கட்டுப்பாடும் வேண்டியதில்லை. ஆனால் சிறுநீரகம், கல்லீரல், ஹீமோகுளோபின் ஆகியவற்றுக்கான பரிசோதனையை ஆண்டுக்கு ஒருமுறையாவது செய்துகொள்ள வேண்டும்.

எவ்வளவு, எப்போது, எப்படி?

பெரும்பாலோருக்கு அளவு காலையில் ஒரு 5 மி.கி. மாத்திரை, இரவில் ஒரு 5 மி.கி. மாத்திரை. வயது 80 அல்லது அதற்கு மேல், உடல் எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ், இரத்தத்தில் கிரியாட்டினின் 1.5 மி.கி./டெ.லி. அல்லது அதற்கு மேல் ஆகிய மூன்றில் ஏதேனும் இரண்டு பொருந்துபவர்களுக்கு ஒவ்வொரு வேளையும் 2.5 மி.கி. போதும். சிறுநீரகத்தின் செயல்திறன் வெகுவாகக் குறைந்தவர்களுக்கும் மருத்துவர் அளவைக் குறைக்கக்கூடும். உங்களுக்கு எந்த அளவு என்பதை மருத்துவரே முடிவு செய்வார்; நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

இரண்டு வேளைகளுக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி நேரம் இருக்கட்டும். சாப்பாட்டுக்கு முன்போ பின்போ தண்ணீருடன் விழுங்கலாம். முழுதாக விழுங்க முடியாதவர்கள் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலந்து உடனே குடிக்கலாம்.

ஒரு வேளை மறந்துவிட்டால், அடுத்த வேளைக்கு 6 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் நினைவு வந்தவுடன் எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிடக் குறைவாக இருந்தால் அந்த வேளையை விட்டுவிட்டு அடுத்த மாத்திரையை வழக்கமான நேரத்தில் எடுங்கள். விட்டதை ஈடுகட்ட இரண்டு மாத்திரைகளைச் சேர்த்து எடுக்க வேண்டாம். தவறுதலாகக் கூடுதலாக எடுத்துவிட்டால், இரத்தக் கசிவு எதுவும் தெரியாவிட்டாலும் உடனே மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள்.

நீங்களாக நிறுத்தாதீர்கள்

இக்குறிப்பில் உள்ள எச்சரிக்கைகளிலேயே இதைத்தான் முதன்மையாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். அபிக்சபானின் பாதி, உடலிலிருந்து ஏறத்தாழ 12 மணி நேரத்தில் நீங்கிவிடுகிறது. அதனால் ஓரிரு நாள் விட்டாலே பாதுகாப்பு குறைந்து, பக்கவாத ஆபத்து மீண்டும் உயர்கிறது. உடம்பு நன்றாக இருக்கிறது என்பதோ, துடிப்பு சீராகிவிட்டது என்பதோ நிறுத்துவதற்குக் காரணமாகாது. கையிருப்பு தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்த மாத்திரைகளை வாங்கிவிடுங்கள். பயணத்தின்போது மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள்.

பல் பிடுங்குவது, எண்டோஸ்கோப்பி, அறுவை சிகிச்சை, முதுகுத்தண்டில் ஊசி போடுவது ஆகியவற்றுக்கு முன், இம்மருந்தை எடுத்து வருவதை அந்த மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். எத்தனை மணி நேரம் முன்பு நிறுத்துவது, எப்போது மீண்டும் தொடங்குவது என்பதை அவர்கள் கூறுவார்கள். சில சிறிய சிகிச்சைகளுக்கு நிறுத்தவே தேவையிருக்காது. முதுகுத்தண்டு ஊசிக்குப் பின் கால் மரத்துப்போதல், வலுவிழத்தல், சிறுநீரோ மலமோ அடக்க முடியாமை ஆகியவை தோன்றினால் அது அவசர நிலை.

இரத்தக் கசிவு

இரத்தம் உறைவதைத் தடுக்கும் எந்த மருந்துக்கும் உள்ள முக்கியப் பக்க விளைவு இரத்தக் கசிவே. எளிதில் தோல் கன்றிப்போதல், பல் துலக்கும்போது ஈறில் சிறிது இரத்தம், சிறிய காயத்தில் இரத்தம் நிற்கச் சற்று நேரமாதல் ஆகியவை பலருக்கும் ஏற்படுபவை. இவற்றுக்காக மாத்திரையை நிறுத்த வேண்டாம், அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் சொன்னால் போதும். மென்மையான பல்துலக்கியைப் பயன்படுத்துவதும், சவரம் செய்யும்போது கவனமாக இருப்பதும் உதவும். குமட்டலும் ஏற்படலாம். வழக்கத்துக்கு மாறான சோர்வும் முகவெளுப்பும் இரத்தசோகையின் அறிகுறியாக இருக்கலாம்; அப்படியானால் இரத்தப் பரிசோதனை தேவை. மாதவிடாய் வழக்கத்தைவிட அதிகமானாலும் மருத்துவரைப் பாருங்கள்.

கீழ்க்கண்டவற்றில் எது நேர்ந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்:

- 10 நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்காத இரத்தக் கசிவு
- கருமையான, தார் போன்ற மலம். மலத்திலோ சிறுநீரிலோ இரத்தம்
- இரத்த வாந்தி, இருமலில் இரத்தம்
- திடீரென்று வரும் கடுமையான தலைவலி, முகம் ஒருபக்கம் கோணுதல், கை கால் தளர்தல், பேச்சுக் குழறுதல்
- முகமோ நாக்கோ வீங்குதல், மூச்சுத் திணறல்

தலையில் பலமாக அடிபட்டால், வெளியே காயம் தெரியாவிட்டாலும், வலி இல்லாவிட்டாலும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மண்டையோட்டுக்குள் இரத்தம் மெதுவாகக் கசிந்து, அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தே தோன்றலாம்.

மற்ற மருந்துகள்

இதில் ஏற்படும் தவறுகள் பெரும்பாலும் மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்கும் வலி மாத்திரைகளில்தான் தொடங்குகின்றன. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சன் போன்றவை அபிக்சபானுடன் சேரும்போது இரத்தக் கசிவுக்கான வாய்ப்பு கூடுகிறது. தலைவலிக்கோ காய்ச்சலுக்கோ பாராசிட்டமால் பொதுவாகப் பாதுகாப்பானது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் ஆகியவற்றை இதய மருத்துவர் எழுதிக்கொடுத்திருந்தால் மட்டும் தொடருங்கள். மனச்சோர்வுக்கான சில மருந்துகளும் கசிவை அதிகரிக்கக்கூடும்.

பூஞ்சைத் தொற்றுக்கான கீட்டோகோனசோல், இட்ராகோனசோல், எச்.ஐ.வி.க்கான ரிட்டோனாவிர் ஆகியவை இரத்தத்தில் அபிக்சபானின் அளவைக் கூட்டும். மாறாக, காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமசெபைன், ஃபீனோபார்பிட்டால் ஆகியவையும் ‘செயின்ட் ஜான்ஸ் வோர்ட்’ என்னும் மூலிகையும் அதைக் குறைத்துப் பாதுகாப்பைக் கெடுக்கும். மூலிகை மருந்து, லேகியம், சத்து மாத்திரை எதுவாக இருந்தாலும் தொடங்கும் முன் கேளுங்கள். மது அதிகமாக அருந்துவதும் கசிவு ஆபத்தைக் கூட்டும்.

‘இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுத்துக்கொள்கிறேன்’ என்று மருந்தின் பெயரும் அளவும் எழுதிய அட்டையைப் பணப்பையில் எப்போதும் வைத்திருங்கள். நீங்கள் மயங்கிய நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டால், அந்த அட்டையே உங்களுக்காகப் பேசும்.

பாதுகாத்தல்

மாத்திரைகளை அவற்றின் அட்டையிலேயே, 30 டிகிரி செல்சியசுக்கு மேற்படாத இடத்தில், ஈரம் படாமல், குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். காலாவதி நாள் கடந்தவற்றைப் பயன்படுத்த வேண்டாம். இம்மாத்திரை உங்களுக்கென்று எழுதப்பட்டது. அதே நோய் உள்ள வேறொருவருக்கும் கொடுக்கக் கூடாது. மீதமுள்ளவற்றைக் கழிவறையில் கொட்டாமல் மருந்தாளரிடம் ஒப்படையுங்கள்.