பில் எண் 417: மூன்று கிளைக்கும் தனித்தனி பில் வேண்டி

வணக்கம் சார்,

அக்டோபர் 6 தேதியிட்ட உங்கள் பில் 417 வந்து சேர்ந்தது. 120 தார்ப்பாயும் நல்ல நிலையில் இறங்கிவிட்டன. குறுவை அறுப்பு நேரத்தில் சொன்ன நாளுக்கு அனுப்பினீர்கள், ரொம்ப நன்றி.

சிக்கல் பில்லில்தான். சரக்கு மூன்று ஊரில் இறங்கியது, பில்லோ கும்பகோணம் பெயரில் ஒன்றாக வந்திருக்கிறது. எங்களிடம் அந்தந்தக் கிளைதான் தன் கணக்கிலிருந்து பணம் அனுப்பும். மன்னார்குடி மேலாளர் கையெழுத்திட்ட டெலிவரி சலானில் 40 என்று இருக்கிறது. 120க்கான பில்லை வைத்து அவரால் பாஸ் செய்ய முடியவில்லை.

அதனால் இப்படிப் பிரித்துக் கொடுங்கள். ஒன்று 2,000 ரூபாய் வீதம்:

கும்பகோணம்: 50, ரூ. 1,00,000
மன்னார்குடி: 40, ரூ. 80,000
மயிலாடுதுறை: 30, ரூ. 60,000

வண்டி வாடகை 3,600 ரூபாயை எண்ணிக்கைப்படி 1,500, 1,200, 900 எனப் போடலாம். இவற்றின் மேல் ஜிஎஸ்டி வழக்கம்போல. மூன்று கிளைக்கும் ஒரே ஜிஎஸ்டி எண்தான், அதை மாற்ற வேண்டாம். டெலிவரி முகவரியும் சலான் எண்ணும் மட்டும் அந்தந்த ஊருடையதாக இருக்கட்டும்.

பழைய பில்லுக்கு முழுத் தொகைக்கும் கிரெடிட் நோட் போட்டுவிட்டு, அப்புறம் புதிய பில்களைப் போடுங்கள். இல்லாவிட்டால் ஒரே சரக்கு இருமுறை ஏறிவிடும். எல்லாம் இந்த மாதத் தேதியிலேயே இருந்தால் நவம்பர் 11க்குள் நீங்கள் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்-1லும் குழப்பம் வராது.

பில்கள் வந்த இரண்டு வேலை நாளில் மூன்று கிளையும் பணம் அனுப்பிவிடும். உங்கள் பணம் எங்களால் தாமதமாகக் கூடாது.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவு,
கும்பகோணம் தலைமைக் கடை