கையில் ஐம்பதாயிரம்: தங்கையின் முதல் மேக்கப் பெட்டிக்கான பட்டியலும் கணக்கும்

அன்புத் தங்கைக்கு,

வகுப்பில் கொடுத்ததாக நீ அனுப்பிய பொருள் பட்டியலைப் பார்த்தேன். அதைக் கூட்டினால் ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். அந்த வகுப்பை நடத்துபவர்களே பொருளும் விற்கிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள். துணிக்கடைச் சம்பளத்தில் நீ சேர்த்த 50,000 ரூபாய்க்குள் அடங்கும்படி வேறு பட்டியல் எழுதியிருக்கிறேன். முதல் ஆண்டில் உன்னைத் தேடி வரப்போவது மணப்பெண் இல்லை. மணப்பெண்ணின் அக்கா, நாத்தனார், வளைகாப்புக்காரி, நிச்சயதார்த்தப் பெண், பள்ளி ஆண்டு விழாவுக்கு ஆடும் சிறுமியின் அம்மா. அந்த முகங்களை நினைத்துத்தான் ஒவ்வொரு ரூபாயையும் ஒதுக்கியிருக்கிறேன்.

மொத்தக் கணக்கு இப்படி:

பெட்டியும் பொருள்களும்: 29,000
பயிற்சி முகங்கள், படங்கள்: 4,000
போக்குவரத்து, போன் செலவு: 5,000
தொடக் கூடாத பணம்: 12,000

கடைசி வரியைப் பார்த்து நீ முகம் சுளிப்பாய். ஆடியில் திருமணம் இல்லை, மார்கழியில் இல்லை, புரட்டாசியிலும் பெரும்பாலான வீடுகளில் இல்லை. அந்த மாதங்களில் கடை வேலையையும் விட்டுவிட்டு, பெட்டியையும் நிரப்பிவிட்டு உட்கார்ந்திருந்தால் நல்ல ஃபவுண்டேஷனைப் பாதி விலைக்கு விற்க வேண்டி வரும். அதனால் 12,000 வங்கியில் இருக்கட்டும். கடை வேலையையும் இப்போதைக்கு விடாதே. முகூர்த்தம் பெரும்பாலும் விடியற்காலையில், வரவேற்பு மாலையில். இரண்டுமே உன் கடை நேரத்தோடு அதிகம் மோதாது.

இனி அந்த 29,000.

சருமத்துக்கு 10,200. பெட்டியில் இதுதான் பெரிய தொகை, இதில் குறைக்காதே. ஃபவுண்டேஷனுக்கு மட்டும் 5,200: லிக்விட் மூன்று நிறம், அழுத்தமான பூச்சுக்குக் கிரையோலான் மாதிரியான ஸ்டிக் இரண்டு. வெளிர் கோதுமை, மாநிறம், நல்ல அடர்நிறம் என்று மூன்றையும் வாங்கு. இடைப்பட்ட நிறங்களை எஃகுத் தட்டில் கலந்துகொள்ளலாம். கடைக்காரர் அடர்நிறத்தை மட்டும் "அது போகாதும்மா" என்று சொல்லி எடுத்துக்கொடுக்க மாட்டார். நம் ஊர்ப் பெண்களுக்குப் பொருந்தும் நிறம் எப்படிப் போகாமல் இருக்கும்? கேட்டு வாங்கு, இல்லையென்றால் அடுத்த கடை. "கொஞ்சம் வெளுப்பாகப் போடும்மா" என்று பெரியம்மாக்கள் சொல்வார்கள். கேட்டுச் செய்தால் முகம் சாம்பல் பூத்து, கழுத்து வேறு ஒருவருடையது போலத் தெரியும். திட்டு வாங்கப்போவது பெரியம்மா இல்லை, நீ.

கரெக்டர், கன்சீலர் தட்டு ஒன்று, 1,300. அதில் ஆரஞ்சு நிறம் கட்டாயம் இருக்க வேண்டும். கண்ணுக்குக் கீழும் வாயைச் சுற்றியும் கருத்திருக்கும் இடத்தில் நேரடியாகக் கன்சீலரைத் தேய்த்தால் சாம்பலாகத்தான் நிற்கும்; முதலில் ஆரஞ்சை மெல்லிசாகத் தட்டி, பிறகு கன்சீலர். பிரைமர், நீர்த்தன்மையுள்ள மாய்ஸ்சரைசர் இரண்டுக்கும் 1,400. பவுடர் 1,600: நிறமற்ற லூஸ் பவுடர், மஞ்சள் சாயலுள்ள பவுடர், டச்-அப்புக்கு ஒரு காம்பாக்ட். மிக வெள்ளையாக இருக்கும் ஹெச்டி பவுடரை அள்ளி அப்பாதே. கண்ணாடியில் ஒன்றும் தெரியாது, போட்டோகிராபரின் ஃபிளாஷ் பட்டதும் மூக்கைச் சுற்றி வெள்ளைத் திட்டாக விழும். வாங்கிய அன்றே உன் முகத்தில் போட்டு, இருட்டறையில் ஃபிளாஷுடன் ஒரு படம் எடுத்துப் பார். செட்டிங் ஸ்பிரே 700. சென்னை வியர்வைக்கு இது ஆடம்பரம் இல்லை.

ஒன்றைக் குறித்துக்கொள். நலங்கு வைத்த பெண்ணின் முகத்தில் மஞ்சள் இரண்டு நாள் வரை ஒட்டிக்கொண்டிருக்கும். நேற்று பார்த்துவைத்த ஃபவுண்டேஷன் நிறம் இன்று பொருந்தாது. கலக்கத் தெரிந்தவளுக்கு அது பிரச்சினையே இல்லை.

கண்ணுக்கு 4,700. ஐஷேடோ தட்டு ஒன்று போதும், 1,500. மண் நிறங்கள், கருஞ்சிவப்பு, தங்கம், ஒரு கறுப்பு. நூற்றிருபது நிறத் தட்டு பார்க்க அழகாக இருக்கும். அதில் நூறு நிறம் உலர்ந்து உடையும்வரை உன் பிரஷ் அதைத் தொடாது. காஜல், ஜெல் லைனர், பேனா லைனர் 1,100, எல்லாமே தண்ணீருக்குக் கரையாதவை. ஹோமப் புகையில் கண்ணீர் வழியும், தாரை வார்க்கும்போது அழுகை வரும். சாதாரண மை கன்னம் வரை இறங்கிவிடும். மஸ்காரா 500, புருவத்துக்கு 400, ஒட்டு இமை பத்து ஜோடியும் பசையும் 1,200. பசையில் லேடெக்ஸ் இருந்தால் சிலருக்கு ஒவ்வாமை வரும். ட்ரையல் அன்றே காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து, ஒரு நாள் பார்க்கச் சொல்.

உதட்டுக்கும் கன்னத்துக்கும் 3,600. லிப்ஸ்டிக் எட்டு, 2,000. சிவப்பில் இரண்டு, மெரூன், செங்கல், ரோஸ், பழுப்பில் இரண்டு, ஒரு பீச். பட்டுப்புடவைக்கு அதற்குமேல் தேவைப்படுவது அபூர்வம். பிளஷ், கான்டூர், ஹைலைட்டர் 1,600.

பிரஷும் ஸ்பான்ஜும் 3,400. முப்பத்திரண்டு பிரஷ் செட்டை வாங்காதே, பன்னிரண்டு நல்லது போதும். மீதிப் பணத்தில் ஸ்பான்ஜை இரண்டுக்குப் பதிலாக எட்டாக வாங்கு. ஒரே மண்டபத்தில் மூன்று பேர் உட்கார்ந்தால், மூவருக்கும் ஒரே ஸ்பான்ஜா?

சுத்தத்துக்கு 1,800. எஃகுத் தட்டு, கரண்டி, 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், ஒருமுறை பயன்படுத்தும் மஸ்காரா குச்சியும் உதட்டுக் குச்சியும், பஞ்சு, டிஷ்யூ, தலைப்பட்டை. லிப்ஸ்டிக்கை உதட்டில் நேரடியாகத் தேய்க்காதே. கரண்டியால் சுரண்டித் தட்டில் வைத்து, குச்சியால் எடு. மஸ்காராக் குச்சியை ஒருவர் கண்ணில் வைத்துவிட்டு மீண்டும் குழாயில் விடாதே. திறந்த மஸ்காராவை மூன்று மாதத்தில் தூக்கிப்போடு. குப்பியின் பின்னால் மூடி திறந்த டப்பா படமும் 6M, 12M என்ற எழுத்தும் இருக்கும். திறந்த பிறகு எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்பது அது. திறந்த தேதியை மார்க்கரால் அடியில் எழுதிவை. வாடிக்கையாளர்கள் இதையெல்லாம் கவனிப்பார்கள், சொல்ல மாட்டார்கள், அடுத்த முறை கூப்பிடவும் மாட்டார்கள்.

தலைக்கும் புடவைக்கும் 1,500: யூ பின், கறுப்பு பின், ஹேர் ஸ்பிரே, வலை, வால் சீப்பு, ஊக்கு நிறைய. நெற்றிச்சுட்டி நழுவினால் உன்னைத்தான் தேடுவார்கள், நகைக்காரரை இல்லை. ஸ்ட்ரெய்ட்னர் வீட்டில் இருப்பதே போதும்.

பெட்டி, விளக்கு வகையில் 3,800. தோளில் மாட்டும் பெட்டி 1,800, கையடக்க எல்இடி விளக்கு 1,500, கண்ணாடியும் எக்ஸ்டென்ஷன் போர்டும் 500. சத்திரங்களில் மணமகள் அறை என்பது மூலையில் ஒரு டியூப்லைட், ஒரே ஒரு பிளக் பாயின்ட். அந்த பிளக்கிலும் யாரோ ஒரு மாமாவின் போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். போர்டு இல்லாமல் போகாதே.

ஏர்பிரஷ் கருவி, வாடகை நகை, சவுரி எதுவும் இப்போது வேண்டாம். காண்டாக்ட் லென்ஸ் எப்போதுமே வேண்டாம். தேவைப்படுபவர் கண் மருத்துவரிடம் வாங்கி, தன் கையாலேயே போட்டுக்கொண்டு வரட்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்காதே. முதல் தவணை சருமம், பிரஷ், சுத்தம் மூன்றுக்கும் 15,400. இதை வைத்து நான்கு பேருக்குப் போட்டுப் பார்: உன்னைவிடக் கறுப்பான ஒருத்தி, சிவப்பான ஒருத்தி, பரு உள்ளவள், ஐம்பது வயது தாண்டிய ஒருவர். கண்ணுக்கு அவரவர் மையையே போடட்டும். ஜன்னல் வெளிச்சத்தில், ஃபில்டர் இல்லாமல், முன்னும் பின்னும் படம் எடு. அவர்களுக்குச் சாப்பாடும் பஸ் காசும் அந்த 4,000-இல் அடங்கும். எந்த நிறம் சீக்கிரம் தீர்கிறது என்று தெரிந்த பிறகு மீதி 13,600-க்கு வாங்கு.

கட்டணம். விருந்தினர் முகத்துக்கு 2,000 என்று தொடங்கு. பொருளுக்கு 300, ஆட்டோவுக்கு 400 போனால் 1,300 நிற்கும். இந்தக் கணக்கில் 23 முகம் முடித்தால் பெட்டிக்காசு திரும்பிவிடும். ஆனால் ஒவ்வொரு 1,300-லிருந்தும் 500-ஐத் தனியாக எடுத்துவை, தீர்ந்ததை நிரப்ப. பெட்டிக்காசு திரும்ப இன்னும் நாளாகும், ஆகட்டும். இலவசமாக யாருக்கும் போடாதே. உறவென்றால் பொருள் விலையாவது வாங்கு. பாதித் தொகை முன்பணமாக வந்த பிறகுதான் தேதியை எழுது. முன்பணம் திருப்பித் தரப்படாது என்று, அதைக் கேட்டு அனுப்பும் செய்தியிலேயே சொல்லிவிடு. விடியற்காலை இரண்டரை மணிக்கு மெட்ரோ ஓடாது, கால் டாக்சிக் கட்டணம் அவர்களுடையது. இதையும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள். ஆண்டின் மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு பற்றிக் கவலைப்படாதே. அந்தக் கவலை வந்தால் இருவரும் சேர்ந்து இனிப்பு வாங்குவோம்.

போலிப் பொருள்தான் பெரிய ஆபத்து. பாரிமுனைத் தெருக்களில் மொத்த விலைக்கு நல்ல பொருளும் கிடைக்கும், பெரிய பெயர் ஒட்டிய போலியும் கிடைக்கும். உள்நாட்டுப் பொருளில் உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், காலாவதி தேதி பார். வெளிநாட்டுப் பொருளில் இறக்குமதியாளரின் முகவரியும் பதிவுச் சான்றிதழ் எண்ணும் அச்சிட்டிருக்க வேண்டும். இவை இல்லாமல் பாதி விலைக்குத் தருகிறார் என்றால் வைத்துவிட்டு வந்துவிடு. பஞ்சு, பின், பெட்டி, கண்ணாடி, எஃகுத் தட்டு இவற்றைப் பாரிமுனையில் பேரம் பேசி வாங்கலாம். முகத்தில் படும் கிரீமை மட்டும் பில் தரும் கடையில் வாங்கு.

ஞாயிற்றுக்கிழமை பாரிமுனையில் பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். அதனால் வரும் சனிக்கிழமை கடையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, பதினொரு மணிக்கு உயர் நீதிமன்ற மெட்ரோ வாசலுக்கு வா. முதல் தவணைப் பணம் மட்டும் எடுத்து வா, மீதிப் பணம் இருக்கும் வங்கி அட்டையை அம்மாவிடம் கொடுத்துவிடு. முகத்தில் எதுவும் பூசாமல் வா. ஃபவுண்டேஷன் நிறத்தை உன் தாடை ஓரத்தில் தடவி, தெருவுக்கு வந்து வெயிலில் பார்த்துத்தான் எடுக்கப்போகிறோம்.

அக்கா