பொருள்: திருநெல்வேலி வீட்டுக் கூரை – விலைமதிப்பீடும் சில விளக்கங்களும்

வணக்கம் அக்கா,

போன கிழமை நாங்கள் கதைத்தபடி திருநெல்வேலி வீட்டுக் கூரை வேலைக்கான விலைமதிப்பீட்டை இத்துடன் அனுப்புகிறேன். இரண்டு பக்கம்தான். கூரையில் ஏறிப் பார்த்தபோது எடுத்த படங்களையும் சார் வாரியாகப் பிரித்து இணைத்திருக்கிறேன். மொத்தத் தொகை 1,860,000 ரூபா. உங்களுக்கு முன்பு வந்த தகட்டுக் கூரை விலை 14 இலட்சம் என்று சொன்னீர்கள். இடையில் நாலரை இலட்சத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது. அந்தக் காசுக்கு என்ன கிடைக்கிறது என்று நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவதுதான் முறை.

முதலில் வீட்டின் நிலைமை. நாங்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருக்கிறது. ஓடாவி ஒவ்வொரு வளையிலும் உளியால் குத்திப் பார்த்தார். முற்றத்தைச் சுற்றியுள்ள வளைகளில் உளியின் நுனிகூட ஏறவில்லை. வைரம் ஏறிய பனை, இன்னும் கருங்கல் மாதிரி நிற்கிறது. கிணற்றடிப் பக்கம் இரண்டு வளைகளில் மட்டும் உளி பிடிவரை இறங்கியது. அதற்குக் காரணம் ஓடு இல்லை. இரண்டு கூரைகள் சந்திக்கும் மூலையில் போட்டிருந்த தகடு துருப்பிடித்து ஓட்டையாகியிருக்கிறது. மழைத் தண்ணீர் முழுவதும் அந்த மூலைக்குத்தான் ஓடி வரும். அது வருடக்கணக்காகச் சிலாகைத் தலைப்புகளில் ஊறி, ஈரத்தோடு கறையானும் ஏறிவிட்டது. 7ஆம் 8ஆம் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள், மண் கோடு சுவரில் ஏறுவது தெரியும்.

ஆகவே முழுக் கூரையையும் பிரித்து எறியத் தேவையில்லை என்பது எங்கள் முடிவு. பழுதான மரத்தை மட்டும் மாற்றி, நாலு மூலைத் தகடுகளையும் புதிதாகப் போட்டு, ஓட்டை இறக்கிக் கழுவித் திரும்ப ஏற்றினால் போதும்.

விலையில் பெரிய பங்கு மரத்துக்குத்தான் போகிறது, 740,000 ரூபா. தென்னஞ்சிலாகை போட்டால் இது நன்றாகக் குறையும். ஆனால் உறுதியான பழைய பனைக்குப் பக்கத்தில் தென்னையைப் போட்டால் ஒன்று முந்தி வளைய, ஓட்டு வரிசை அலை அலையாகிவிடும். முதிர்ந்த பனை இப்போது இலகுவில் கிடைப்பதில்லை. தறிக்கவும் ஏற்றி வரவும் அனுமதி எடுக்க வேண்டும். அந்தப் பத்திரங்களின் பிரதியை உங்களுக்கு அனுப்பிய பிறகே மரம் வளவுக்குள் வரும்.

கூலி 620,000. நல்ல ஓட்டை உடையாமல் கையால் இறக்கி ஏற்றுவதால்தான் இந்தத் தொகை. 10 ஓட்டில் 8 ஓடு திரும்பப் போடக்கூடியவை. குறைகிற ஓட்டுக்கு 165,000 போட்டிருக்கிறோம். இப்போதைய ஓடு உங்கள் பழைய ஓட்டோடு கொளுவாது, இடுக்கு விடும். அதனால் பிரிக்கப்பட்ட பழைய வீடுகளிலிருந்து அதே அச்சு ஓடு தேடி வாங்குவோம். நிறம் கொஞ்சம் மாறுபட்டால் அவற்றைப் பின்பக்கச் சாரில் ஒன்றாகப் போடுவோம், வாசலில் நின்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது. மீதியில் மூலைத் தகடு, பீலி, சுவர்த் தலைப் பூச்சு 185,000, சாரமும் ஏற்றியிறக்கலும் 90,000, கறையான் மருந்து 60,000.

தகட்டுக் கூரை பிழையான வேலை என்று நான் சொல்லவில்லை. பாரம் குறைவு, இரண்டு கிழமையில் முடியும், குரங்கு ஓட்டைக் கிளப்புகிற தொல்லையும் இல்லை. ஆனால் அந்த மதிப்பீட்டில் முற்றத்தையும் சேர்த்து மூடுவதாக எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். நாற்சார் வீட்டுக்குக் காற்றும் வெளிச்சமும் வருவது அந்த முற்றத்தால்தான். அதை மூடி மேலே தகடும் போட்டால் சித்திரை வெயிலில் அம்மா பகல் முழுக்க மின்விசிறியின் கீழேயே இருக்க வேண்டிவரும். இதை நீங்கள் யோசிக்க வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

அம்மாவைப் பற்றி நீங்கள் கவலைப்பட்டீர்கள். வேலை நடக்கும்போது அவர் வீட்டை விட்டுப் போகத் தேவையில்லை. ஒரு நேரத்தில் ஒரு சார் மட்டும்தான் பிரிப்போம், அது மூடிய பிறகே அடுத்தது. அவர் படுக்கும் அறை உள்ள தெற்குச் சாரைக் கடைசியாக வைத்திருக்கிறோம். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு சத்தம் இருக்காது. இப்படிச் செய்வதால் எங்களுக்கு ஒரு கிழமை கூடப் பிடிக்கும், அதற்குத் தனிக் காசு இல்லை.

ஆனி நடுவில் தொடங்கினால் எட்டுக் கிழமையில் முடியும். சோளகம் அடிக்கும் காலம்தான் கூரை பிரிக்க நல்லது. நல்லூர்த் தேருக்கும் தீர்த்தத்துக்கும் ஆட்கள் வேலைக்கு வரமாட்டார்கள், அதையும் கணக்கில் எடுத்திருக்கிறேன். எப்படியும் ஐப்பசி மழைக்கு முன்பு மூடிவிடலாம்.

காசு நாலு தரமாகத் தரலாம். மரம் வாங்க முற்பணம் 744,000, இரண்டு சார் முடிந்ததும் 558,000, வேலை முடிந்து அம்மாவோ நீங்கள் அனுப்பும் ஒருவரோ பார்த்துச் சரி என்றதும் 372,000. கடைசி 186,000 ரூபாவைக் கார்த்திகையில் பெருமழை பெய்து, உள்ளே ஒரு சொட்டும் விழவில்லை என்று உறுதியான பிறகு தாருங்கள். ஒழுகினால் வந்து திருத்துவோம், அதற்குப் பிறகே அந்தக் காசு எங்களுடையது.

ஓட்டை இறக்கிய பிறகே கண்ணுக்குத் தெரியும் மரமும் இருக்கிறது. மேலதிகமாக ஏதாவது மாற்ற வேண்டி வந்தால் சிலாகை அடிக்கு 480 ரூபா என்று மதிப்பீட்டிலேயே எழுதிவிட்டேன். படம் அனுப்பி நீங்கள் சம்மதித்தால்தான் கை வைப்போம். மின்சார வேலை, சுவர் வர்ணம், உட்கூரைப் பலகை ஆகியவை இந்தத் தொகையில் இல்லை. கழற்றும் மரமும் ஓடும் உங்களுடையவை, வளவுக்குள்ளேயே அடுக்கி வைப்போம்.

தொகை இந்த வருடத்துக்குக் கூட என்றால் தயங்காமல் சொல்லுங்கள். குசினிப் பக்கச் சாரை அடுத்த வருடத்துக்குத் தள்ளலாம், அந்தப் பக்கம் இப்போதைக்கு ஒழுக்கு இல்லை. 270,000 ரூபா குறையும். மரத்தின் தரத்திலோ மூலைத் தகட்டிலோ குறைக்க மட்டும் நான் உடன்படமாட்டேன்.

மரக் காலையில் விலை அடிக்கடி மாறுவதால் இந்த மதிப்பீடு 30 நாளுக்குச் செல்லும். அதற்காக அவசரப்பட வேண்டாம். படங்களை ஆறுதலாகப் பாருங்கள், தம்பிமாருக்கும் காட்டுங்கள். கட்டடம் தெரிந்த யாரிடமாவது காட்டிக் கேட்பது எங்களுக்கும் சந்தோசம். எந்தத் தொகை ஏன் என்று விளங்கவில்லையோ அதை இந்த மின்னஞ்சலுக்கே பதிலாக எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் பதில் தருவேன். கதைக்க விரும்பினால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் இரவு 7:30, உங்களுக்கு ரொறன்ரோவில் காலை 10 மணி, வசதியாக இருக்கும். ஓடாவியையும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன், மரத்தைப் பற்றி அவரிடமே நேரே கேட்கலாம்.

அன்புடன்,
சுதன்
கூரை, மர வேலை ஒப்பந்தகாரர்
யாழ்ப்பாணம்

இணைப்பு: விலைமதிப்பீடு (2 பக்கம்), கூரைப் படங்கள் (14)