55 கிலோ எடையுள்ள உங்களுக்கான ஒருநாள் அசைவ உணவுத் திட்டம்

நாகர்கோவிலில் ஆசிரியையாகப் பணிபுரியும் உங்களுக்கு வயது 28, உயரம் 167 செ.மீ., எடை 55 கிலோ. வாரத்தில் நான்கு நாள் மாலை ஆறு மணிக்கு ஜிம்மில் எடைப் பயிற்சி செய்கிறீர்கள். கடந்த வாரம் நீங்கள் எழுதித் தந்த மூன்று நாள் உணவுக் குறிப்பைக் கூட்டிப் பார்த்தபோது, ஒரு நாளுக்குப் புரதம் 48 கிராம் அளவிலேயே நின்றது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 46 கிராம் புரதம் போதும் என்பதால், உங்கள் சாப்பாட்டைக் குறைபாடுள்ளது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அளவு உடல்நலத்தைக் காப்பதற்கானது. எடை தூக்கித் தசை வளர்ப்பவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 1.6 முதல் 2 கிராம் வரை புரதம் வேண்டும். உங்கள் கணக்கில் அது 88 முதல் 110 கிராம். சாப்பிடும் மொத்த அளவும் செலவாகும் ஆற்றலைவிடச் சற்றே கூடுதலாக, சுமார் 2,250 கலோரி இருக்க வேண்டும். கீழே உள்ள திட்டம் இவ்விரண்டையும் உங்கள் வீட்டுச் சமையலைக் கொண்டே எட்டுகிறது.

காலை 6.15. முந்தின இரவே ஊறவைத்த பத்துப் பாதாம், 150 மி.லி. பாலில் போட்ட காப்பி, ஒரு தேக்கரண்டி சர்க்கரை. காப்பியை இந்த நேரத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். உங்கள் இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 11.6 என்று வந்திருப்பதால், சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் காப்பியும் தேநீரும் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும் என்பதை மனத்தில் வையுங்கள். மருத்துவர் தந்த இரும்பு மாத்திரையைத் தொடர்ந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

காலை 7.45. ஒரு குழல் புட்டு, நூறு கிராம் வேகவைத்த சிறுபயறு, இரண்டு அவித்த முட்டை. உங்கள் வீட்டில் புட்டுக்குப் பழமும் சர்க்கரையும் பிசைந்து சாப்பிடுவது வழக்கம் என்றீர்கள். அதில் வயிறு நிறையும், ஆனால் புரதம் நான்கு கிராமைத் தாண்டாது. பயறும் முட்டையும் சேரும்போது அதே காலை உணவு 24 கிராம் தருகிறது. பயறை இரவில் ஊறவைத்து, காலையில் குக்கரில் இரண்டு விசில் விட்டு, நான்கு சின்ன உள்ளி, ஒரு வற்றல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்துப் பிரட்டினால் போதும். பயறு குழையாமல் முழுதாக நிற்க வேண்டும், அப்போதுதான் புட்டோடு உதிரியாகச் சேரும். முட்டையின் மஞ்சள் கருவை ஒதுக்கிவிட வேண்டாம். ஏறத்தாழப் பாதிப் புரதமும் பெரும்பாலான வைட்டமின்களும் அதில்தான் இருக்கின்றன.

முற்பகல் 11.00. பள்ளி இடைவேளையில் ஒரு கைப்பிடி வறுகடலை (30 கிராம்), வீட்டிலிருந்து கொண்டுபோன ஒரு தம்ளர் மோர்.

மதியம் 1.00. டிபன் பாக்ஸில் சோறு 200 கிராம், அதாவது 70 கிராம் அரிசி வெந்து வரும் அளவு. சூரை மீன் குழம்பு, முருங்கைக்கீரைத் துவரன், ஒரு சிறு கிண்ணம் தயிர். இந்த வேளையில்தான் 36 கிராம் புரதம் வருகிறது, அதனால் மீனின் அளவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நான் 100 கிராம் என்று எழுதுவது முள்ளும் தோலும் நீக்கிய பச்சை மீன் சதையின் எடை. ஒரே ஒரு நாள் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள்: உங்கள் உள்ளங்கை அகலமும் சுண்டுவிரல் கனமும் கொண்ட ஒரு துண்டு அந்த அளவுக்கு வரும். பிறகு தினமும் தராசு தேவைப்படாது. சூரை விலை கூடிய நாளில் சாளை வாங்கலாம். தலையும் முள்ளும் போக அதே சதை கிடைக்க, நடுத்தர அளவில் நான்கைந்து சாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அம்மாவிடம் நேரில் சொன்னதையே இங்கும் எழுதிவைக்கிறேன். குழம்பு இறக்கியதும் முதல் வேலையாக உங்கள் டிபன் பாக்ஸில் துண்டை எடுத்துவைக்க வேண்டும். நம் வீடுகளில் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறியபின் பெண்களுக்கு வாலும் சாறும் மிஞ்சுவது பழக்கமாகிவிட்டது. எத்தனையோ பெண்களின் உணவுக் கணக்கு இந்த ஓர் இடத்தில்தான் தவறுகிறது என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். குழம்புக்கு அரைக்கும் தேங்காயைக் குறைக்கச் சொல்லமாட்டேன், ஏனென்றால் எடை கூட வேண்டிய உங்களுக்கு அந்தக் கலோரி தேவை. கீரையில் பாதி எலுமிச்சையைப் பிழிந்துகொள்ளுங்கள். அதிலுள்ள வைட்டமின் சி, கீரையின் இரும்பை உடல் ஏற்றுக்கொள்ள உதவும்.

மாலை 5.00. வேகவைத்த ஏத்தன்பழம் ஒன்று. பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்பு இதைச் சாப்பிட்டால், கடைசிச் சுற்றுகளில் கை தளர்வதாக நீங்கள் சொன்னது குறையும். பயிற்சி இல்லாத நாளில் விருப்பமானால் விட்டுவிடலாம். வேறு எதையும் குறைக்க வேண்டாம், தசை வளர்வது ஓய்வு நாளிலும் நடக்கிறது.

இரவு 8.00. இரண்டு சப்பாத்தி, மிளகுக் கோழி வறுவல், வெள்ளரியும் தக்காளியும் அரிந்த ஒரு தட்டு. கோழி 100 கிராம் என்பது எலும்பில்லாத பச்சைக் கறி. எலும்போடு வாங்கினால் 160 கிராம் வரை கணக்கிடுங்கள். அரைத்த மிளகு, மஞ்சள், உப்பு, இரண்டு கரண்டி தயிர் சேர்த்து அரை மணி நேரம் ஊறவைத்து, இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் மூடிபோட்டு வேகவிட்டால், கறி விடும் நீரிலேயே வெந்து மசாலா ஒட்டிக்கொள்ளும். பயிற்சி முடிந்து வந்ததும் நீங்களே செய்யக்கூடிய சமையல் இது. இந்த வேளையில் 29 கிராம் புரதம் கிடைக்கிறது.

இரவு 10.00. 200 மி.லி. பால், சர்க்கரை இல்லாமல்.

நாள் முழுவதையும் கூட்டினால் புரதம் ஏறத்தாழ 110 கிராம், ஆற்றல் 2,240 கலோரி. வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டில் மீனும் கோழியும் இல்லை, ஆனால் முட்டை உண்டு என்பதால், அன்று மதியம் மீனுக்குப் பதில் இரண்டு முட்டைக் குழம்பும், இரவில் கோழிக்குப் பதில் 100 கிராம் பனீரும் வைத்துக்கொள்ளுங்கள். அன்று புரதம் சற்றுக் குறைந்தாலும் 90 கிராமுக்குக் கீழே போகாது. சிறுநீரகப் பரிசோதனை முடிவு இயல்பாக இருப்பதைப் பார்த்த பிறகே இந்த அளவைத் தருகிறேன். இதே தாளை வேறொருவருக்குக் கொடுக்க வேண்டாம்.

ஞாயிறுதோறும் காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். வாரத்துக்கு 200 கிராம் அளவில் ஏறினால் திட்டம் சரியாக நடக்கிறது என்று பொருள். மாதவிடாய் நாட்களில் நீர் தங்கி ஒரு கிலோவரை கூடிக் காட்டலாம், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மூன்று வாரம் முள் அசையவே இல்லையென்றால், இரவில் ஒரு சப்பாத்தியும் மதியம் 50 கிராம் சோறும் கூட்டிக்கொண்டு, அடுத்த ஞாயிறு எடையை எனக்கு எழுதி அனுப்புங்கள்.